பிளம் கேக்குக்கு ஐந்து படங்கள்: ஒரு சிறிய பேக்கரிக்கான திட்டம்

கேள்வி: “கருங்கல் பக்கத்தில் சிறிய பேக்கரி நடத்துகிறோம். கிறிஸ்துமஸ் பிளம் கேக் ஆர்டருக்காக இன்ஸ்டாகிராமில் ஐந்து படங்களை ஒரே போஸ்டாகப் போட நினைக்கிறோம். போன வருடம் போட்டபோது ஐந்தும் ஐந்து கடைகளின் படங்கள் போல இருந்தன. எந்தப் படத்தில் எதை வைப்பது? எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்?”

பெரும்பாலோர் படங்களை எடுத்து முடித்த பிறகுதான் ஒற்றுமையைத் தேடத் தொடங்குகிறார்கள். ஐந்து படங்களுக்கும் ஒரே பார்டர் போடுகிறார்கள், மூலையில் லோகோ வைக்கிறார்கள், ஒரே டெம்ப்ளேட்டில் அடைக்கிறார்கள். ஆனால் ஒரு படம் டியூப் லைட்டின் பச்சை சாயலிலும், அடுத்தது மஞ்சள் பல்பு வெளிச்சத்திலும், மூன்றாவது வாசல் வெயிலிலும் எடுக்கப்பட்டிருந்தால் எந்த பார்டரும் அவற்றைச் சேர்த்துவைக்காது. நாகர்கோவிலில் கடைகளுக்கு விளம்பர வடிவமைப்பு செய்பவன் நான். எனக்கு வரும் படங்களில் பாதிச் சிக்கல் கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே தீர்த்திருக்க வேண்டியது. எனவே முதலில் எவை ஐந்திலும் மாறவே கூடாது என்று முடிவு செய்வோம். பிறகு ஒவ்வொரு படமாகப் போகலாம்.

மாறக்கூடாதவற்றில் முதலாவது அளவு. இன்ஸ்டாகிராம் முதல் படத்தின் நீள அகல விகிதத்தையே மற்ற எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்கிறது. முதல் படம் சதுரமாகவும் மூன்றாவது நெட்டையாகவும் இருந்தால் மூன்றாவதின் தலையும் காலும் வெட்டுப்படும். ஐந்தையும் அகலம் 1080, உயரம் 1350 பிக்சலில் வடிவமையுங்கள். கைபேசித் திரையில் சதுரத்தைவிட இது அதிக இடம் பிடிக்கும். உங்கள் பக்கத்தின் முகப்புக் கட்டங்கள் 2025 தொடக்கத்திலிருந்து 3:4 விகிதத்தில் தெரிகின்றன. 1350 உயரத்துக்கு அந்த விகிதத்தில் அகலம் 1012தான் வரும். ஆகவே இரு பக்கமும் சுமார் 34 பிக்சல் மறைந்துவிடும். நான்கு பக்கமும் 90 பிக்சல் வெறுமையாக விட்டு, அதற்குள்ளேயே எழுத்துகளை வைத்தால் இந்தக் கவலை இல்லை. இன்னொன்று, படத்தின் வலது மேல் மூலையில் ‘1/5’ என்ற எண்ணை இன்ஸ்டாகிராமே காட்டும். அதனால் கடையின் பெயரை இடது மேல் மூலையில், ஐந்து படங்களிலும் அதே இடத்தில், அதே அளவில் வையுங்கள்.

இரண்டாவது வெளிச்சம். இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். கடை விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஜன்னலின் பக்கத்தில் மேசையைப் போடுங்கள். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் ஐந்து படங்களிலும் இடப்பக்கத்திலிருந்தே வர வேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் கன்னங்கரேலென்று விழாது. நம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இழுத்துக்கொண்டு போகும். மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம் உணவுப் படத்துக்கு உண்மையில் நல்லது, நிழல் மெதுவாக விழும். ஆனால் மேகம் விலகி வெயில் பளீரென்று வந்துவிட்டால் நிறம் உடனே மாறும். அதனால் ஐந்தையும் ஒரே அமர்வில் எடுங்கள். இன்று இரண்டு, நாளை மூன்று என்று பிரிக்கவே வேண்டாம். கைபேசித் திரையில் கேக் இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்ச அளவும் அதிலேயே பூட்டிக்கொள்ளும். பூட்டாமல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் கைபேசி தானாகக் கணக்குப் போட்டு வேறொரு வெளிச்சத்தைத் தரும்.

பிளம் கேக்குக்கென்று ஒரு தனிச் சிரமம் உண்டு. சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பதால் அது கரும்பழுப்பாக இருக்கும். திரையை நிறைக்கும் அளவுக்கு அருகில் போனால் கைபேசி ‘இருட்டாக இருக்கிறது’ என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கேக் சாம்பல் பூத்தது போல வெளிறும். வெள்ளைத் தட்டில் வைத்துத் தள்ளி நின்று எடுத்தால் அதற்கு நேர்மாறாகத் தட்டுக்காக வெளிச்சத்தைக் குறைத்து, கேக்கைக் கரிக்கட்டியாக்கிவிடும். ஆகவே வெள்ளைத் தட்டைத் தவிருங்கள். மரப்பலகை அல்லது மங்கிய சந்தன நிறத் துணி போதும். பூட்டிய பிறகு வெளிச்ச அளவைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும், வெட்டிய பக்கத்தில் முந்திரித் துண்டு தனியாகவும் உலர் திராட்சை தனியாகவும் பிரிந்து தெரியும் நிலையில் நிறுத்துங்கள். அதுதான் சரியான அளவு என்பதற்கு அடையாளம்.

மூன்றாவது ஒரு கோடு. நீங்கள் எடுக்கும் மேசையின் பின்விளிம்பு ஐந்து படங்களிலும் ஒரே உயரத்தில், உதாரணமாக மேலிருந்து 500 பிக்சலில், வரும்படி வெட்டிக்கொள்ளுங்கள். விரலால் தள்ளும்போது அந்தக் கோடு அசையாமல் தொடர்ந்து ஓடும். பார்ப்பவர் அதைக் கவனிக்கமாட்டார், ஆனால் ஒரே மேசையைச் சுற்றி நடப்பது போல அவருக்குத் தோன்றும். 5400 பிக்சல் அகலத்தில் ஒரே நீளப் படமாகச் செய்து ஐந்தாக வெட்டும் முறையும் இருக்கிறது. சிறிய பேக்கரிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வெட்டு விழும் இடத்தில் பாதிக் கேக்கும் பாதி எழுத்தும் மாட்டிக்கொள்ளும். அதே படங்களை ஃபேஸ்புக்கில் போட்டால் அவை அடுக்காகக் குவிந்து, தொடர்ச்சி சிதறிவிடும். ஒரு படத்தை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவும் முடியாது. மேசைக் கோடு அந்தத் தொல்லைகள் எதுவும் இல்லாமல் அதே வேலையைச் செய்கிறது.

நிறம் மூன்றுக்கு மேலும், எழுத்துரு ஒன்றுக்கு மேலும் வேண்டாம் என்பது என் தொழில் பழக்கம். இதற்கு மேல் போகக் கூடாதென்ற விதி எதுவும் இல்லை. பின்புலத்துக்கு வெளிர் சந்தனம் `#F6EBDD`, எழுத்துக்குக் கரும்பழுப்பு `#3B1F14`, ஒரே ஓர் அழுத்தத்துக்கு மங்கிய சிவப்பு `#A8322A`. இந்தச் சிவப்பை ஒரு படத்தில் ஒரே இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். கிறிஸ்துமஸ் என்றதும் பச்சை, சிவப்பு, தங்க நிறம், நட்சத்திரம், பனித்துகள் எல்லாவற்றையும் கொட்டத் தோன்றும். கேக்கின் பழுப்பு அவற்றுக்கு நடுவே காணாமல் போகும். எழுத்துருவுக்கு `Mukta Malar` அல்லது `Noto Sans Tamil` போதும், இரண்டும் இலவசம். தலைப்புக்குத் தடித்த வடிவம், மற்றதற்குச் சாதாரண வடிவம். இரண்டு எழுத்துருக்களைக் கலக்காதீர்கள்.

தமிழ் எழுத்துக்கென்று மூன்று எச்சரிக்கைகள். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் வசதியைத் தொடாதீர்கள். சில செயலிகளில் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக, ஏறக்குறைய எழுத்தளவின் ஒன்றரை மடங்கு, விடுங்கள். இல்லையென்றால் மேல்வரியின் ‘கு’, ‘டு’ போன்றவற்றின் வளைவு கீழ்வரியின் ‘கி’, ‘டி’யின் கொக்கியில் இடிக்கும். மிகச் சிறிய எழுத்துகூட 40 பிக்சலுக்குக் குறையக் கூடாது. கைபேசியில் ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்குள் 1080 பிக்சல் அடங்கும்போது 40 பிக்சல் என்பது இரண்டரை மில்லிமீட்டர்தான். கேக் வாங்கும் முடிவை எடுப்பவர் பல வீடுகளில் கண்ணாடி போட்ட அம்மா என்பதை மறக்க வேண்டாம். களியக்காவிளைப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்காக மலையாளத்தையும் அதே படத்தில் சேர்க்க நினைப்பீர்கள். இரண்டு மொழியும் ஒரே படத்தில் வந்தால் இரண்டும் பாதி அளவாகிவிடும். மலையாள வரியைப் படத்துக்குக் கீழே வரும் குறிப்பில் எழுதுங்கள்.

இனி படங்களின் வரிசை. வாங்குபவர் மனத்தில் எழும் கேள்விகளின் வரிசைதான் இது. என்ன? எதில் செய்தது? யார் செய்கிறார்கள்? எவ்வளவு? எப்படி வாங்குவது? இந்த ஐந்துக்கும் ஆளுக்கொரு படம். ஒரு படம் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் இரண்டும் கெடும்.

முதல் படத்தில் ஒரே ஒரு கேக். முழுக் கேக்கைவிட, ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டு உள்பக்கம் தெரியும் கேக் நல்லது. பிளம் கேக்கின் மேற்பரப்பு எல்லாக் கடையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், உங்கள் கடையை வேறுபடுத்துவது வெட்டிய பக்கம். கேக் முழுவதும் ஆறிய பிறகு, ரம்பப்பல் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். சூடாக இருக்கும்போது வெட்டினால் உள்பக்கம் பிசுபிசுவென்று நசுங்கி, வேகாத கேக் போலத் தெரியும். வெட்டிய சில நிமிடங்களுக்குள் எடுத்துவிடுங்கள், காய்ந்த பிறகு பளபளப்பு போய்விடும். எண்ணெயோ சர்க்கரைப் பாகோ தடவி மினுக்க வேண்டாம். வாங்கியவர் வீட்டில் வெட்டிப் பார்க்கும்போது அந்த மினுக்கம் இருக்காது. மேசைக் கோட்டுக்கு மேலே உள்ள வெறும் இடத்தில் மூன்றே செய்திகள்: பெரிதாக ‘கிறிஸ்துமஸ் பிளம் கேக்’, அதன் கீழே ‘டிசம்பர் 20 வரை ஆர்டர்’, பிறகு ‘கருங்கல்’. ஊர்ப் பெயரை முதல் படத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். கோயம்புத்தூரில் இருப்பவர் பார்த்து மகிழ்ந்து கடந்துபோவதைவிடத் திங்கள்சந்தையில் இருப்பவர் ‘பக்கத்தில்தானே’ என்று நிற்பதுதான் உங்களுக்குப் பலன். விலையை முதல் படத்தில் போடலாமா என்று கேட்டால், என் கருத்து வேண்டாம் என்பதே. விலை குறைவுதான் உங்கள் பலம் என்றால் மட்டும் போடுங்கள்.

இரண்டாவது படத்தை ஒரு தொடர்ச்சியாக மட்டும் எண்ணக் கூடாது. முதல் படத்தைத் தள்ளிப் பார்க்காமல் கடந்துபோனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே போஸ்டை மறுபடி காட்டும், அப்போது இரண்டாவது படத்திலிருந்து தொடங்கும். எனவே அதை மட்டும் பார்ப்பவருக்கும் இது கேக் என்று புரிய வேண்டும். பழங்கள் ஊறும் கண்ணாடி ஜாடியை முன்னால் வைத்து, பின்னால் சற்று மங்கலாகக் கேக் தெரியும்படி எடுங்கள். ஜாடிக்குப் பின்பக்கத்திலிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் வந்தால் திராட்சை மாணிக்கம் போல ஒளிரும், அதற்காக ஜாடியை மட்டும் கேமராவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வரும்படி சற்று நகர்த்தி வைக்கலாம். எழுத்தாக ஒரு வாக்கியம்: எந்தெந்தப் பழம், எதில் ஊறுகிறது. ரம்மில் ஊறியதா, திராட்சைச் சாற்றிலா என்பதை மறைக்காதீர்கள். நம் ஊரில் இது ருசிக் கேள்வி மட்டுமல்ல, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா, விருந்தினர் சாப்பிடுவார்களா என்ற கேள்வியும்கூட. நீங்கள் போடுவது பப்பாளிக்காயில் செய்த டூட்டி ஃப்ரூட்டி என்றால், இணையத்திலிருந்து வெளிநாட்டுச் செர்ரிப் படத்தை எடுத்து ஒட்டாதீர்கள். உள்ளூர் முந்திரியும் நம் மலைத்தோட்டக் கிராம்பும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அவற்றை மேசையில் கொஞ்சம் சிதறி வைத்து, பெயரையும் எழுதுங்கள். உண்மையாக இருந்தால் மட்டும்.

மூன்றாவது படத்தில் கை வர வேண்டும். அச்சிலிருந்து கேக்கை எடுக்கும் கை, அல்லது வெண்ணெய்த்தாளைப் பிரிக்கும் கை. மற்ற நான்கிலும் மனிதர் இல்லாமல் இருந்தால் இந்த ஒன்று தனித்துப் பேசும். முகம் தேவையில்லை, விருப்பமிருந்தால் வரட்டும். இங்கே எழுத்தை ஐந்தாறு சொற்களில் நிறுத்துங்கள். ஓவன் அருகில் எடுத்தால்தான் இயல்பாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் ஓவன் அறையின் வெளிச்சம் வேறு, சுவர் வேறு. அச்சையும் கேக்கையும் அதே ஜன்னல் மேசைக்குக் கொண்டுவாருங்கள். நான் பார்த்தவரை ஐந்து படத் தொகுப்பு உடைவது பெரும்பாலும் இந்த மூன்றாவது படத்தில்தான்.

நான்காவது படம் அளவும் விலையும். இதற்கு மட்டும் கேமராவைச் சற்றுத் தாழ்த்தி, ஆனால் மேசைக் கோடு அதே உயரத்தில் வரும்படி, அரை கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ கேக்குகளை இடமிருந்து வலமாக நிறுத்தி எடுங்கள். பக்கத்தில் ஒரு தேநீர்க் குவளை இருக்கட்டும். அது இல்லாவிட்டால் அரை கிலோ எவ்வளவு பெரியது என்பது யாருக்கும் புரியாது, கடைக்கு வந்து ‘இவ்வளவுதானா’ என்பார்கள். ஒவ்வொரு கேக்குக்கும் நேர் மேலே எடை, விலை, எத்தனை துண்டு வரும் என்று மூன்று வரி. உதாரணமாக ‘½ கிலோ, ரூ. 350, 8 துண்டு’. விலைதான் இங்கே பெரிய எழுத்து, அந்த மங்கிய சிவப்பும் விலைக்கே. கீழே ஒரே வரியில் ‘முட்டை சேர்த்தது’ அல்லது ‘முட்டை இல்லாதது’ என்று எழுதுங்கள். விலை இந்த ஒரு படத்தில் மட்டுமே இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. வெண்ணெய் விலை ஏறி நீங்கள் விலையை மாற்ற நேர்ந்தால், போஸ்டை முழுவதும் நீக்காமல் இந்த ஒரு படத்தை மட்டும் நீக்கிவிட்டுப் புதிய விலையைக் குறிப்பில் எழுதலாம்.

ஐந்தாவது படத்தில் கட்டித் தயாரான பெட்டி. பெட்டியின் மீது இடம் விட்டு, எழுத்து பெரிதாக இருக்கட்டும்: வாட்ஸ்அப் எண், கடைசி நாள், கடை எங்கே என்பது. வழியை ‘பஸ் நிலையத்திலிருந்து எந்தச் சாலையில், எந்தப் பக்கம்’ என்று ஊர்க்காரர் சொல்வது போலச் சொல்லுங்கள். கதவிலக்க முகவரி யாருக்கும் உதவாது. வளைகுடாவில் இருந்துகொண்டு இங்கே பெற்றோர் வீட்டுக்குக் கேக் அனுப்பச் சொல்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். அதை நீங்கள் ஏற்கிறீர்கள் என்றால் ‘வெளிநாட்டிலிருந்தும் ஆர்டர் செய்யலாம், வீட்டுக்கே தருவோம்’ என்ற ஒரு வரி இந்தப் படத்தில் மிக முக்கியம். எந்தெந்த ஊர் வரை கொண்டுபோய்த் தருவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் பாதித் தொலைபேசி விசாரிப்பு குறையும். படத்தில் உள்ள எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது என்பதால் அதே எண்ணைக் குறிப்பின் முதல் வரியிலும் எழுதுங்கள். குறிப்பில் போடும் இணைப்பும் இன்ஸ்டாகிராமில் திறக்காது. அதனால் உங்கள் பக்கத்தின் முகப்பில் இந்த வடிவில் இணைப்பைச் சேர்த்துவிடுங்கள். X இருக்கும் இடத்தில் உங்கள் எண், கூட்டல் குறி வேண்டாம்.

```
https://wa.me/91XXXXXXXXXX
```

போடுவதற்கு முன் மூன்று சோதனைகள். ஐந்தையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் கண்ணில் உறுத்தினால் பெரும்பாலும் அதன் வெளிச்சமோ பின்புல நிறமோதான் காரணம். அதைத் திருத்தப் பார்ப்பதைவிட மறுபடி எடுப்பது விரைவு. பிறகு ஐந்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து பின்புலத்தில் கரைந்தால் நிறத்தை மட்டும் நம்பி எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். கடைசியாக, கடையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் முதல் படத்தை மட்டும் காட்டி உடனே கைபேசியைத் திருப்பிக்கொள்ளுங்கள். என்ன பொருள், எந்த ஊர், எந்த நாள் வரை என்ற மூன்றையும் அவர் சொல்லிவிட்டால் போதும். ஒன்றைத் தவறவிட்டால் அதற்கு இடைஞ்சலாக நிற்கும் அலங்காரத்தை எடுத்துவிடுங்கள்.

படங்களை ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, தமிழ் எழுத்தின் சுழிகளைச் சுற்றிப் புகை படிந்தது போலாகிவிடும். கோப்புகளுக்கு 01 முதல் 05 வரை பெயர் வையுங்கள், பதிவேற்றும்போது நீங்கள் தொடும் வரிசையில்தான் அவை அடுக்கப்படும்.

அளவு, வெட்டுப்படும் விளிம்பு, வெளிச்சம் பற்றி மேலே சொன்னவற்றை நீங்களே எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். நிறம், சொற்களின் எண்ணிக்கை, விலையை எங்கே வைப்பது என்பவை என் தெரிவு. உங்கள் வாடிக்கையாளரை உங்களுக்குத்தான் தெரியும், மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் படங்களால் எத்தனை ஆர்டர் வரும் என்பதை எந்த வடிவமைப்பாளரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் படம் குறையுள்ளது என்பதை வரும் கேள்விகளிலிருந்து கண்டுபிடிக்கலாம். ‘விலை என்ன’ என்று பலர் கேட்டால் அவர்கள் நான்காவது படம் வரை வரவில்லை, இரண்டாவதும் மூன்றாவதும் அவர்களை நிறுத்திவிட்டன. ‘கடை எங்கே’ என்று கேட்டால் ஐந்தாவதின் எழுத்து சிறியது. ‘முட்டை உண்டா’ என்று கேட்டால் நான்காவதின் அடிவரி கண்ணில் படவில்லை. வந்த கேள்விகளை ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 20க்குப் பிறகு போஸ்டை நீக்காமல் ‘ஆர்கைவ்’ செய்துவிடுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம், மற்ற மூன்றில் தேதியும் விலையும் மாறும்.